டிரிப்டானும் மருந்துமிகைத் தலைவலியும்: ஒரு சொல் விளக்கம்

சுமாட்ரிப்டான், ரைசாட்ரிப்டான், சோல்மிட்ரிப்டான், நாராட்ரிப்டான் என்று மாத்திரை அட்டைகளில் வரும் பெயர்களுக்கெல்லாம் வால் ஒன்றுதான். அந்த வால்தான் குடும்பப் பெயர். டிரிப்டமைன் என்ற வேதிப்பொருளின் பெயரிலிருந்து வந்தது. நம் உடலில் சுரக்கும் செரோடோனினும் டிரிப்டமைன் வகைதான். மூளையைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்களிலும் வலி நரம்புகளிலும் செரோடோனின் வந்து ஒட்டும் சில ஏற்பிகள் உண்டு. டிரிப்டான் அங்கே போய் ஒட்டி, விரிந்த குழாயைச் சுருக்கும். வலியைத் தூண்டும் பொருள்கள் நரம்பிலிருந்து வெளியேறுவதையும் குறைக்கும். ஆகவே இது எல்லா வலிக்குமான மாத்திரை இல்லை, ஒற்றைத் தலைவலிக்கென்றே வந்தது. இரத்தக் குழாயைச் சுருக்குவதால் இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை.

இதற்குத் தமிழ்ப் பெயர் வேண்டுமா? 'குழாய்ச்சுருக்கி' என்று சொல்லிப் பார்க்கலாம்தான். ஆனால் அது மருந்தின் பாதி வேலையை மட்டுமே சொல்கிறது, வேறு பல மருந்துகளுக்கும் பொருந்திவிடுகிறது. என்னைக் கேட்டால் டிரிப்டான் என்றே விடலாம். அதில் ஒரு பயனும் உண்டு. ஒரு டிரிப்டான் எடுத்து 24 மணி நேரத்துக்குள் வேறொரு டிரிப்டானை எடுக்கக் கூடாது. இரண்டும் ஒரே குடும்பம் என்பதை அட்டையில் உள்ள வாலே காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழ்ச் சொல் கட்டாயம் தேவைப்படுவது இன்னொரு இடத்தில். வலிக்கு எடுக்கும் மாத்திரையே நாளடைவில் வலியைக் கூட்டிவிடும் நிலை அது. முன்பு 'மருந்தால் வரும் தலைவலி' என்ற பொருளில் அதை அழைத்தார்கள். 2004இல் வந்த பன்னாட்டுத் தலைவலி வகைப்பாடு, மருந்தை மிகையாகப் பயன்படுத்துவதால் வருவது என்று பெயரை மாற்றியது. தமிழில் 'மருந்துமிகைத் தலைவலி' என்பது பொருந்தும். இங்கே 'மிகை' என்பதை அளவு மீறல் என்று படித்துவிடக் கூடாது. ஒரே நாளில் அதிகம் விழுங்குவது வேறு ஆபத்து. இங்கே எண்ணுவது மாத்திரையை அல்ல, மாத்திரை எடுத்த நாள்களை.

கணக்கு இப்படி. ஏற்கெனவே தலைவலி நோய் உள்ள ஒருவருக்கு மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருக்க வேண்டும். கூடவே 3 மாதத்துக்கு மேலாக, டிரிப்டான் என்றால் மாதம் 10 நாளோ அதற்கு மேலோ, பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற தனி வலி மாத்திரை என்றால் 15 நாளோ அதற்கு மேலோ எடுத்திருக்க வேண்டும். பாராசிட்டமாலுடன் காஃபின் சேர்த்தது போன்ற கூட்டு மாத்திரைக்கும் மார்ஃபின், கோடீன் போன்ற ஓபியாய்டு வகைக்கும் 10 நாள்தான். எல்லை தாண்டிய எல்லோருக்கும் இது வந்துவிடும் என்றில்லை. அந்த எல்லையிலிருந்து சந்தேகம் தொடங்குகிறது.

ஒருவரின் நாட்காட்டியை எடுத்துக்கொள்வோம். மாதத்தில் 7 நாள் சுமாட்ரிப்டான். இன்னொரு 6 நாளில், வலி அவ்வளவு இல்லை என்று பாராசிட்டமால் மட்டும். டிரிப்டான் 10ஐத் தொடவில்லை, பாராசிட்டமால் 15க்குப் பக்கத்திலேயே வரவில்லை, அப்புறம் என்ன என்று அவர் நினைக்கலாம். ஆனால் இரண்டையும் மாற்றி மாற்றி எடுப்பவருக்கு மொத்த மருந்து நாள்தான் கணக்கு, அதற்கு எல்லை 10. அவருக்கு 13 ஆகிவிட்டது. இது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, தலைவலி நாள்களும் 15ஐத் தொட்டால், அது மருந்துமிகைத் தலைவலியாக இருக்கலாம். இன்னொருவர் ஒரே நாளில் 2 மணி நேர இடைவெளி விட்டு சுமாட்ரிப்டானையே இரண்டு முறை எடுத்தால், அது ஒரு மருந்து நாள் மட்டுமே. இதனால்தான் பல மருத்துவர்கள் வாரத்துக்கு 2 நாள் என்று சொல்லிவிடுகிறார்கள். மாதம் 8 அல்லது 9 நாளோடு நின்றுவிடும்.

சந்தேகம் வர வேண்டிய அடையாளம்: முன்பு மாதம் நான்கைந்து முறை வந்த வலி பாதி நாள்களுக்கு வருகிறது, காலையில் எழும்போதே வலிக்கிறது, மாத்திரையின் பலன் குறைந்துகொண்டே போகிறது. சரி, நிறுத்தினால்? முதலில் வலி கூடும், குமட்டலும் தூக்கக் குறைவும் வரலாம். டிரிப்டான் மட்டும் எடுத்தவருக்குச் சில நாளில் அடங்கும், வலி மாத்திரைக்காரர்களுக்குக் கூடுதல் நாள் ஆகும். இவற்றை ஒரேயடியாக நிறுத்தலாம். ஓபியாய்டோ, பார்பிட்டுரேட் என்ற தூக்க மருந்து கலந்த மாத்திரையோ என்றால் தானாக நிறுத்தாமல், மருத்துவர் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும். கூடவே, தலைவலி வராமல் தடுக்க அன்றாடம் எடுக்கும் மருந்தையும் மருத்துவர் தொடங்கலாம். அந்த நாள்கள் இந்தக் கணக்கில் சேராது.