செக்‌ஷனில் காணாமல் போன பீம்

3டி மாடல் சரியாக இருந்தால் அதை வெட்டிப் பார்ப்பதுபோல் எடுக்கும் செக்‌ஷன் படமும் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பியிருந்தேன். ஒரு மாடி வீட்டின் நேர்ப் படிக்கட்டு அந்த நம்பிக்கையைக் கெடுத்தது.

தரைக்கும் மாடித் தளத்துக்கும் இடையே 3060 மி.மீ. அதை 170 மி.மீ. உயரமுள்ள 18 படிகளாகப் பிரித்திருந்தோம். ஸ்லாப் கனம் 150, ஆகவே அதன் அடிமட்டம் 2910. படிக்கட்டுக்காக ஸ்லாபில் விட்ட திறப்பின் விளிம்பு நான்காவது படிக்கு நேர் மேலே வந்தது. அந்தப் படியின் உயரம் 680. கழித்தால் தலைக்கு மேல் 2230 கிடைக்கிறது. செக்‌ஷனில் அந்த எண்தான் இருந்தது. எல்லாரும் பார்த்தோம், தலையாட்டினோம்.

ஆனால் அந்த விளிம்பில் ஒரு பீம் இருந்தது. ஸ்லாபுக்குக் கீழே 300 இறங்கும் பீம். அப்படியென்றால் உண்மையான இடைவெளி 1930 மட்டுமே. உயரமானவர் கொஞ்சம் குனிந்துதான் ஏற வேண்டும். பீம் மாடலில் சரியாகவே இருந்தது. படம் சுத்தமாகத் தெரியட்டும் என்று யாரோ ரெவிட் மென்பொருளில் அந்தப் பார்வைக்கான வியூ டெம்ப்ளேட்டில் `Structural Framing` என்பதை அணைத்து வைத்திருந்தார்கள். பீம் தெரியாததால் அளவுக் கோடு ஸ்லாபைப் பிடித்துக்கொண்டது. பிறகு பீமைத் திரும்பக் கொண்டுவந்தபோதும் எண் மாறவில்லை. அளவுக் கோடு தான் ஒட்டிய பொருளைத்தான் பின்தொடரும். புதிதாகத் தெரிவதைத் தேடிப் போகாது. அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருந்தது.

திறப்பை ஒரு படி நீட்டினால் சரியாக 2100 கிடைக்கும். பீமின் அடியில் பூச்சு வந்தால் அதுவும் குறையும். அதனால் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்டு இரண்டு படி நீட்டினோம்: 2270.

இப்போது செக்‌ஷன் எடுத்ததும், எழுத்து எதுவும் போடும் முன், எல்லாப் பொருட்களையும் தெரியவைத்து ஒருமுறை பார்க்கிறேன். வெட்டுக்கோடு படிக்கட்டின் நடுவே போகிறதா என்றும் பார்ப்பேன். சற்று விலகினால் படிகள் வெட்டுப்படாமல் பின்னால் தெரியும் வெறும் கோடுகளாகிவிடும்.

குறிப்புகளை ஒழுங்குபடுத்துவது அதற்குப் பிறகுதான், அதுவும் ஸ்கேலை முடிவு செய்த பிறகு. தாளில் 2.5 மி.மீ. இருக்கும் எழுத்து 1:50-இல் வீட்டின் மீது 125 மி.மீ. இடத்தை அடைக்கும், 1:100-க்கு மாற்றினால் அதுவே 250 ஆகிவிடும். பொறுமையாக நகர்த்தி வைத்த அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். எண்ணை நகர்த்தலாம், லீடர் கோடு போட்டு வெளியே இழுக்கலாம். இடிக்கிறதே என்று பொருளை மறைப்பதுதான் கூடாது.

வீட்டின் பக்கங்களை நேராகக் காட்டும் எலிவேஷன்களில் என் தொல்லை வேறு. ஜன்னல் அடிமட்டத்தை வெறும் எழுத்தாகத் தட்டியிருந்தால், ஜன்னலை 150 உயர்த்திய பிறகும் பழைய 900 அங்கேயே நிற்கும். மட்டக் குறியீட்டை ஜன்னலின் விளிம்பிலேயே ஒட்டிவிட்டால் எண் தானாக 1050 ஆகும்.