சொல் விளக்கம்: இருமாறி கோரோப்ளெத்

முதலில் ஒரு எழுத்துப்பிழை. இந்தச் சொல்லைப் பலர் ‘குளோரோப்ளெத்’ என்று எழுதுகிறார்கள், சொல்லவும் செய்கிறார்கள். குளோரோஸ் என்றால் கிரேக்கத்தில் இளம்பச்சை. குளோரின், குளோரோஃபில் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். நம் சொல்லுக்கும் பச்சைக்கும் ஒரு உறவும் இல்லை. இது ‘கோரா’, அதாவது நிலப்பகுதி. அதோடு ‘பிளேதோஸ்’, அதாவது திரள், பெருந்தொகை. ஒவ்வொரு நிலப்பகுதியிலும் எவ்வளவு திரண்டிருக்கிறது என்பதை நிறத்தின் அடர்த்தியால் காட்டும் வரைபடம்தான் கோரோப்ளெத். தேர்தல் முடிந்த மறுநாள் செய்தித்தாளில் மாவட்டவாரியாக வெளிறியும் அடர்ந்தும் வருமே, அதுதான்.

படம் பழையது, பெயர் புதியது. பிரான்சில் எழுத்தறிவு எங்கே குறைவு என்று 1826-இல் ஷார்ல் துப்பேன் கறுப்பு வெள்ளைச் சாயல்களில் வரைந்து காட்டினார். ‘கோரோப்ளெத்’ என்ற பெயரை 1938-இல் வைத்தவர் அமெரிக்கப் புவியியலாளர் ஜான் கர்ட்லண்ட் ரைட்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘வண்ண வரைபடம்’ போதாது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம் பூசிய பள்ளி அட்லஸும் வண்ண வரைபடம்தானே. ‘நிழல் வரைபடம்’ என்றால் மலைகளுக்கு நிழலிட்டுக் காட்டும் படத்தோடு குழம்பும். என் ஓட்டு ‘செறிவுநிற வரைபடம்’ என்பதற்கு. செறிவு என்பது நிறத்தின் அடர்த்தியையும் குறிக்கும், திரண்டிருப்பதையும் குறிக்கும்; பிளேதோஸுக்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தோன்றவில்லை. ஒரே படத்தில் வறுமை, தூரம் போன்ற இரண்டு மாறிகளைக் காட்டினால் அது ‘இருமாறிச் செறிவுநிற வரைபடம்’. கொஞ்சம் நீளம்தான். பேச்சில் ‘இருமாறிப் படம்’ போதும்.

சரி, இரண்டு மாறிகள் எதற்கு? கென்யாவை எடுத்துக்கொள்வோம். அங்கே 47 கவுண்டிகள், நம் மாவட்டம் மாதிரி. 2015/16 வீட்டுச் செலவு ஆய்வின்படி நாட்டில் 36.1 விழுக்காட்டினர் வறுமையில் இருந்தார்கள். துர்க்கானா கவுண்டியில் 79.4, புசியாவில் 69.3, நைரோபியில் 16.7. வறுமையை மட்டும் வரைந்தால் துர்க்கானாவும் புசியாவும் ஒரே அடர்நிறத்தில் நிற்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. துர்க்கானா வடமேற்கில் விரிந்து கிடக்கும் வறண்ட மேய்ச்சல் நிலம். அங்கே டிஸ்பென்சரிக்குப் போவதே ஒரு பயணம். புசியா உகாண்டா எல்லையை ஒட்டிய, மக்கள் நெருங்கி வாழும் சின்னக் கவுண்டி. அங்கே மருத்துவ நிலையங்களும் கிட்டக்கிட்ட இருக்கின்றன. துர்க்கானாவுக்குக் கட்டடமும் செவிலியரும் வேண்டும். புசியாவில் கதவு பக்கத்திலேயே இருந்தும், உள்ளே போனால் ஆகும் செலவு தடையாகலாம். இந்த வேறுபாட்டைக் காட்டத்தான் இரண்டாவது மாறி.

வரைகிறவர் முதலில் சறுக்குவது நிறத்தில் அல்ல, திசையில். வறுமை கூடினால் கெட்டது, மருத்துவ வசதி கூடினால் நல்லது. இரண்டையும் அப்படியே கலந்தால், அடர்ந்த மூலையில் ‘வறுமை மிகுதி, வசதியும் மிகுதி’ என்று வந்து நிற்கும். கண் அடர்நிறத்தை ‘மோசம்’ என்று படிக்கும், படமோ வேறொன்றைச் சொல்லும். ஆகவே இரண்டாவது மாறியைத் திருப்பிப் போட வேண்டும். ‘வசதி உள்ளவர்கள்’ வேண்டாம். ‘மருத்துவ நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்கு அப்பால் வாழ்பவர்கள், நூற்றுக்கு எத்தனை பேர்’ என்று எடுங்கள். இப்போது இரண்டு அச்சும் ஒரே பக்கம் ஏறும்.

அடுத்தது வகுப்புகள், அதாவது குறைவு, நடு, மிகுதி என்ற பிரிவுகள். ஒவ்வொரு மாறிக்கும் மூன்று, ஆக ஒன்பது கட்டங்கள். நான்கு வைத்தால் பதினாறு நிறம். படத்தில் பார்த்த நிறத்தை, எந்த நிறம் எதைக் குறிக்கும் என்று ஓரத்தில் சொல்லும் குறிவிளக்கத்தில் தேடிக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. வெட்டும் எண்களை மென்பொருளிடம் விட்டுவிடாதீர்கள். அது 47 கவுண்டிகளைச் சமமாக மூன்று கூறாக்கும்; வெட்டு விழும் எண் ஆய்வுக்கு ஆய்வு மாறிவிடும். வறுமைக்கு 30, 50 என்று வெட்டினால் வாசகருக்கும் புரியும், அடுத்த ஆய்வு வரும்போது ஒப்பிடவும் முடியும்.

நிறத்துக்கு, வறுமை ஏற ஏற இளஞ்சிவப்பு, தூரம் ஏற ஏற நீலப்பச்சை என்று வைத்தால் இரண்டும் கூடுமிடத்தில் கருநீலம் வரும். கணினி நிறக் குறியீடுகளில், பலர் கையாளும் ஒரு தொகுப்பு இது. மேலே போகப்போக வறுமை, வலப்பக்கம் போகப்போக தூரம்:

```
#be64ac  #8c62aa  #3b4994
#dfb0d6  #a5add3  #5698b9
#e8e8e8  #ace4e4  #5ac8c8
```

நைரோபி கீழ் இடது மூலையின் வெளிர்சாம்பல். புசியா மேல் வரிசையின் இடது ஓரம், இளஞ்சிவப்பு. துர்க்கானா மேல் வலது, கருநீலம். வறுமைப் படத்தில் ஒட்டிக்கிடந்த இரண்டும் இங்கே பிரிந்துவிட்டன.

குறிவிளக்கம் இல்லாமல் இந்தப் படத்துக்கு உயிர் இல்லை. 1970-களில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நிறுவனம் இந்த வகைப் படங்களை வெளியிட்டபோது, படிக்கவே முடியவில்லை என்று புள்ளியியலாளர்கள் கடுமையாகச் சாடினார்கள். பிறகு 1981-இல் ஜூடி ஓல்சன், குறிவிளக்கம் தெளிவாக இருந்தால் மக்கள் படித்துவிடுகிறார்கள் என்று காட்டினார். தெளிவு என்றால் என்ன? ஒன்பது கட்டச் சதுரத்தைக் கடிகாரத் திசைக்கு எதிராக 45 பாகை திருப்பி, வைரம் போல நிற்க வையுங்கள். இரண்டும் குறைந்த மூலை அடியில், இரண்டும் மிகுந்த மூலை உச்சியில் வரும். ‘மேலே போனால் மோசம்’ என்பது சொல்லாமலே புரியும். இரு பக்கமும் ஓர் அம்புக்குறி: ‘வறுமை கூடுகிறது’, ‘தூரம் கூடுகிறது’. நான்கு மூலைகளிலும் முழுச் சொற்கள்: ‘ஏழ்மை, ஆனால் மருத்துவம் பக்கம்’ என்பது போல. ஒன்பதுக்கும் பெயர் வைக்கத் தேவையில்லை, நடுக்கட்டத்தை யாரும் பெரிதாகப் படிப்பதில்லை. கட்டங்களுக்குள் எத்தனை கவுண்டி என்ற எண்ணைப் போட்டால் இன்னும் நல்லது. காலியான கட்டமும் ஒரு செய்தி.

சோதிப்பது எளிது. படத்தைப் பார்க்காத ஒருவரைக் கூப்பிட்டு, ஒரு கவுண்டியைத் தொட்டுக் காட்டி, ‘இது குறிவிளக்கத்தில் எங்கே?’ என்று கேளுங்கள். பக்கத்துக் கட்டத்தைக் காட்டினால் பரவாயில்லை. எதிர் மூலைக்குப் போனால் நிறங்களை மாற்றுங்கள். அப்புறம் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். கருநீல மூலை அதிலும் ஆக இருண்டு தெரிய வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒரு குறை தீராது, அது பெயருக்குள்ளேயே இருக்கிறது. பிளேதோஸ் என்றால் திரள். ஆனால் படத்தில் பெரிதாகத் தெரிவது திரள் அல்ல, நிலம். 2019 கணக்கெடுப்பில் துர்க்கானாவில் 9,26,976 பேர், நைரோபியில் 43,97,073 பேர். படத்திலோ துர்க்கானா மூலை முழுக்கக் கருநீலம், நைரோபி ஒரு பொட்டு. துர்க்கானாவுக்குள்ளும் லோட்வார் நகரத்தில் மேல்சிகிச்சைக்கான மருத்துவமனையே இருக்கிறது. சராசரியில் அது கரைந்துபோகும். ஆளில்லாத நிலத்தை வெளிறவிட்டு, மக்கள் வாழும் இடத்தில் மட்டும் நிறம் பூசுவது ஒரு வழி. கோரோப்ளெத்துக்குப் பெயர் வைத்த ரைட்டே, அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1936-இல், கேப் காட் பகுதிக்கு அந்த முறையில்தான் படம் வரைந்தார்.