விளைச்சல் 350 சதவீதம் வந்தால் தடுப்பான் மேல் பழி போடாதீர்கள்

போட்டதைவிட அதிக நொதி கிடைத்ததாகக் காட்டும் அட்டவணை இந்த வருடம் இது நான்காவது. புராஜெக்ட் முடிக்கும் அவசரத்தில் ஒரு மாணவி அட்டவணையைக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். காசிமேட்டில் விடியற்காலையில் வாங்கிய கானாங்கெளுத்தியின் வெள்ளைத் தசையை அரைத்து, அந்தக் கச்சாச் சாற்றிலிருந்து லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியை அமோனியம் சல்பேட் போட்டுப் பிரித்திருக்கிறாள். மீனை ஐஸில் கொண்டு வந்தது, பஃபர் தயாரித்தது எல்லாம் சரி. ஆனால் அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் விளைச்சல் 350 சதவீதம், தூய்மை கிட்டத்தட்ட 10 மடங்கு.

“எப்படிம்மா, போட்டதைவிட அதிகமாக எடுத்திருக்கிறாய்?”

“கச்சாச் சாற்றில் தடுப்பான் இருந்திருக்கும் மேடம். அது போனதும் நொதி முழுசா வேலை செய்யுது.”

இந்தத் தடுப்பான் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அப்படி நடப்பதே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது: கச்சாச் சாற்றை எப்படி அளந்தாய்? “தொடக்கத்தில் ஒரு ரீடிங், 5 நிமிடம் கழித்து ஒரு ரீடிங் மேடம். வித்தியாசத்தை 5-ஆல் வகுத்தேன்.”

பிரச்சினை அங்கேதான். இரண்டு புள்ளிகளை வைத்துக்கொண்டு தொடக்க வேகம் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு புள்ளிக்கு நடுவே எப்போதும் ஒரு நேர்கோடு போடலாம், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. நடுவில் என்ன நடந்தது என்று அந்தக் கோடு சொல்லாது.

இந்த நொதி பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றும்போது என்.ஏ.டி.எச் செலவாகும். 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சுவது என்.ஏ.டி.எச்தான், ஆகவே அது தீரத் தீர அப்சார்பன்ஸ் இறங்கும். ஒளி பாய்ச்சி அளக்கும் அவள் குவெட்டில் மொத்தம் 3 மில்லி. அதில் என்.ஏ.டி.எச் 0.2 மில்லிமோலார், பைருவேட் 1 மில்லிமோலார், பத்து மடங்கு நீர்த்த சாறு 0.05 மில்லி. 340 நானோமீட்டரில் அப்சார்பன்ஸ் 1.24-இல் தொடங்கி, 5-ஆவது நிமிடம் 0.12. நிமிடத்துக்கு 0.224 என்று குறித்திருந்தாள். அதே குவெட்டை என் கண் முன்னால் மறுபடி போடச் சொல்லி, 15 விநாடிக்கு ஒரு ரீடிங் எடுக்க வைத்தேன். ஒரு நிமிடம் தாண்டியதும் எண் 0.12 பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. என்.ஏ.டி.எச் தீர்ந்துபோனது, மிச்சம் தெரிந்தது சாற்றின் கலங்கல். மீதி நான்கு நிமிடம் அவள் அளந்தது ஒன்றுமே நடக்காத ஒரு குவெட்டை. டீ குடிக்கப் போய் 10-ஆவது நிமிடம் வந்து பார்த்திருந்தால், அதே நொதியின் வேகம் பாதியாகியிருக்கும்.

பிரித்தெடுத்த பகுதி கொஞ்சமாக இருந்ததால் மிச்சப்படுத்த நினைத்து அதை 200 மடங்கு நீர்த்துப் போட்டிருக்கிறாள். அங்கே 5 நிமிடம் முடிந்தும் என்.ஏ.டி.எச் மீதி இருந்தது, ஆகவே கணக்கு ஓரளவு சரியாக வந்தது. கச்சாவின் எண் மட்டும் ஐந்து மடங்குக்கு மேல் குறைந்து போனது. 350 சதவீதம் வந்த வழி இதுதான். தடுப்பான் எதுவும் இல்லை.

“மெஷினே ஸ்லோப் கொடுக்குது மேடம்” என்று சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். சாஃப்ட்வேர் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை கோடு போட்டது என்று பாருங்கள். மெதுவாக வளைகிற கோட்டுக்கும் ஆர் ஸ்கொயர் 0.98 வரும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள், கோட்டைக் கண்ணால் பாருங்கள்.

சரி, சரியாக எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன். சாற்றை 100 மடங்கு நீர்த்தோம். நொதியைக் கடைசியில் சேர்த்து, பாராஃபிலிம் மூடி மூன்று முறை கவிழ்த்து, உடனே உள்ளே வைத்தோம். கலங்கி அடங்கும் முதல் சில விநாடிகளை விட்டுவிட்டு ரீடிங் எடுக்க ஆரம்பித்தோம். தொடக்கத்தில் 1.238, அரை நிமிடத்தில் 1.176, ஒரு நிமிடத்தில் 1.114, ஒன்றரையில் 1.053, இரண்டில் 0.990. இது நேர்கோடு. 5-ஆவது நிமிடம் 0.66, அதே கோட்டில் போயிருந்தால் 0.62 வந்திருக்க வேண்டும், ஆக வளைய ஆரம்பித்துவிட்டது. முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 0.124 இறக்கம். பைருவேட் போடாத குவெட்டிலும் 0.004 இறங்கியது, கச்சாச் சாறு என்றால் இப்படி வேறு நொதிகளும் கொஞ்சம் என்.ஏ.டி.எச் சாப்பிடும். அதைக் கழித்தால் 0.120.

இதை 6.22-ஆல், அதாவது ஒரு மில்லிமோலார் என்.ஏ.டி.எச்சின் அப்சார்பன்ஸால் வகுத்தால் ஒரு மில்லியில் நிமிடத்துக்கு 0.0193 மைக்ரோமோல். குவெட்டில் 3 மில்லி இருப்பதால் 0.0579 மைக்ரோமோல். நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் என்பது ஒரு யூனிட், ஆக 0.0579 யூனிட். இங்கே ஒரு வேண்டுகோள். இதற்குப் பிறகு நீர்த்த மடங்கு, எடுத்த அளவு என்று பெருக்கிப் பெருக்கித் தொலைந்து போகிறீர்கள். ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு எத்தனை யூனிட் என்பதுதான் குறிப்பிட்ட செயல்திறன், அதற்கு அது எதுவும் வேண்டாம். குவெட்டுக்குள் எத்தனை மில்லிகிராம் புரதம் போனது என்று மட்டும் பாருங்கள். சாற்றில் மில்லிக்கு 14 மில்லிகிராம் புரதம். 100 மடங்கு நீர்த்ததில் 0.05 மில்லி என்றால் 0.007 மில்லிகிராம். 0.0579-ஐ 0.007-ஆல் வகுத்தால் மில்லிகிராமுக்கு 8.3 யூனிட். அவள் நோட்டில் இருந்தது 1.5.

இது சரிதானா என்று எப்படித் தெரியும்? நொதியைப் பாதியாக்கிப் போடுங்கள். வேகமும் பாதியாக வேண்டும். பாதியாக்கியும் வேகம் அப்படியே இருந்தால் இன்னும் அதிகமாகத்தான் போடுகிறீர்கள், மேலும் நீர்த்துங்கள். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் என்னிடம் அட்டவணையோடு வராதீர்கள்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் கடல் காற்றில் ஈரம் அதிகம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பஃபரை நேரே குவெட்டில் ஊற்றினால் வெளிப்பக்கம் பனிபோல நீர் கோர்த்துக்கொள்ளும். அப்சார்பன்ஸ் இறங்க வேண்டிய இடத்தில் ஏறும், பிறகு தள்ளாடும். பஃபரை அறை வெப்பத்துக்கு, முடிந்தால் 25 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள்; நொதி மட்டும் ஐஸில் இருக்கட்டும். வெப்பநிலை ஏறினால் வேகமும் ஏறும், அதனால் அதை நோட்டில் எழுதுங்கள். மே மாதத்தில் கரண்ட் போய் ஏசி நின்றபோது 34 டிகிரியில் எடுத்த ரீடிங்கை, ஏசி ஓடிய நாள் ரீடிங்கோடு ஒப்பிட்டு “நொதி நிலைப்பட்டுவிட்டது” என்று எழுதியவரையும் பார்த்திருக்கிறேன்.

அந்த மாணவி இரண்டு நாளில் எல்லாவற்றையும் மறுபடி அளந்தாள். விளைச்சல் 70 சதவீதம், தூய்மை 2 மடங்கு. ஒரே ஒரு அமோனியம் சல்பேட் படிக்கு இது நல்ல எண்தான். “10 மடங்கு போச்சே மேடம்” என்றாள். போகட்டும் என்றேன்.