தேங்காய் எண்ணெயும் எம்சிடி எண்ணெயும் ஒன்றல்ல

போன மாதம் மறுபடியும் அதே கதை. தைராய்டு புற்றுநோய்க்காக இடது கழுத்தில் அறுவை செய்துகொண்ட ஓர் அம்மாவுக்கு, காயத்தில் சேரும் திரவத்தை வெளியே எடுக்கும் டிரெயின் பாட்டிலில், சாப்பிட ஆரம்பித்ததும் பால் மாதிரி வடிந்தது. அந்தத் திரவத்தில் ட்ரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராமைத் தாண்டினாலே நிணநீர்க் கசிவு என்று எடுத்துக்கொள்வோம். அவருக்கு 600-ஐத் தாண்டியிருந்தது. கொழுப்பில்லாத உணவும், எம்சிடி எனப்படும் நடுத்தர நீளக் கொழுப்பு எண்ணெயும் எழுதிக் கொடுத்தேன். நாளுக்கு 450 மில்லியாக இருந்த கசிவு ஐந்தே நாளில் 60-க்கு இறங்கித் தெளிந்தது. ஏழாம் நாள் காலையில் திரும்பவும் வெள்ளை, 400 மில்லி.

மகளிடம் கேட்டேன். "எம்சிடி பாட்டில் விலை ஜாஸ்தி மேடம். தேங்கா எண்ணெயும் அதுதான்னு வீடியோல சொன்னாங்க. பொரியல் அதுலதான் தாளிச்சேன்."

அது இல்லவே இல்லை அம்மா! எம்சிடி எண்ணெயில் இருப்பவை 8, 10 கார்பன் நீளமுள்ள குட்டையான கொழுப்பு அமிலங்கள். இவற்றுக்குப் பித்த உப்பின் உதவி அவ்வளவாக வேண்டாம். குடலிலிருந்து நேராக ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போய்விடும். தேங்காய் எண்ணெயில் இந்த இரண்டும் சேர்த்தே ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். பாதியளவு இருப்பது 12 கார்பன் உள்ள லாரிக் அமிலம். பெயரளவில் அதையும் 'நடுத்தரம்' என்று சேர்த்துவிடுகிறார்கள், குழப்பமே அங்கேதான். குடலில் அதன் பெரும்பகுதி நீளமான கொழுப்பு போகும் வழியிலேயே போகிறது.

அந்த வழி இதுதான். கணைய நொதி உடைத்த கொழுப்பைப் பித்த உப்புகள் மிசெல் என்ற நுண்துகள்களாகச் சுமந்து குடல் சுவர் வரை கொண்டுவிடும். மிசெல் உள்ளே போவதில்லை, சுமையை மட்டும் இறக்கும். குடல் செல் அதை மறுபடி ட்ரைகிளிசரைடாகக் கட்டி, புரத உறை போட்டு, கைலோமைக்ரானாக வெளியே அனுப்பும். ரத்தத் தந்துகிக்குள் நுழைய முடியாத அளவு பெரியது அது. அதனால் நிணநீர்க் குழாயில் ஏறி, மார்பு வழியாக மேலே வந்து, இடது கழுத்தின் அடியில் சிரையில் சேரும். அந்த அம்மாவுக்குக் கத்தி பட்ட இடமும் அதுவேதான். தாளிப்பு எண்ணெய் பாட்டிலில் வந்து விழுந்ததில் ஆச்சரியமே இல்லை.

தயவுசெய்து, கசிவு நிற்கும்வரை தேங்காய்ச் சட்னி, நெய், முட்டை மஞ்சள்கரு, பிஸ்கட், ஆடை எடுக்காத பால் எதுவும் வேண்டாம். ஒரு ஸ்பூன்தானே என்று கொடுக்காதீர்கள். எம்சிடி எண்ணெயில் பொரிக்காதீர்கள், சீக்கிரம் புகைந்துவிடும். சமைத்த சோற்றில் கலந்து கொடுங்கள். முதல் நாளே நிறைய ஊற்றினால் வயிற்றுப்போக்கு வரும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். உடம்புக்கு அவசியமான கொழுப்பு அமிலங்கள் இதில் கிடையாது என்பதால், எப்போது நிறுத்துவது என்று எங்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அதையும் என்னிடம் சொல்லுங்கள். எண்ணெயே சேர்க்காமல், கொழுப்பு நீக்கிய பால், முட்டை வெள்ளைக்கரு, சோறு, பழம் வைத்தே சில நாட்களுக்குச் சாப்பாடு போட்டுத் தருவேன்.

அந்த அம்மாவுக்குத் திரும்பத் தெளிய இன்னும் ஆறு நாள் ஆனது. டிரெயினை எடுத்த அன்று மகள் அந்தத் தேங்காய் எண்ணெய் பாட்டிலை என் மேசையில் வைத்து, "இதை எப்போலேர்ந்து கொடுக்கலாம் மேடம்?" என்று கேட்டாள். ரிவ்யூவுக்கு வரும்போது பார்த்துச் சொல்கிறேன் என்று தேதி எழுதிக் கொடுத்தேன்.