ட்ரைக்ரோம்: முந்நிற நிலைச்சாயம்

தருமபுரியில் ஆய்வக நுட்பம் பயிலும் மாணவர்களுக்கு, மலத்தில் அமீபாவைக் கண்டறிய உதவும் ட்ரைக்ரோம் சாயத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது, ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “சார், கரைசலில் இரண்டு சாயம்தானே போடுகிறோம், அப்புறம் எதற்கு ட்ரை?” கேள்வி நியாயமானது. கிரேக்கத்தில் ‘ட்ரி’ என்றால் மூன்று, ‘க்ரோமா’ என்றால் நிறம். கோமோரி என்ற ஆய்வாளர் 1950இல் திசுக்களுக்கென அமைத்த முறையில் ஹெமடாக்சிலின் உட்கருவுக்கு நிறம் தர, குரோமோட்ரோப் 2ஆர் என்னும் சிவப்பும் ஒரு பச்சை அல்லது நீலச் சாயமும் தசையையும் இணைப்புத் திசுவையும் பிரித்துக் காட்டின. மூன்று நிறம் என்ற கணக்கு அங்கே சரியாக இருந்தது. 1951இல் வீட்லி என்ற மற்றோர் ஆய்வாளர் அதை மலப் பூச்சுக்கு ஏற்றபடி மாற்றியபோது ஹெமடாக்சிலின் நீங்கி, குரோமோட்ரோப் 2ஆரும் லைட் கிரீனும் மட்டும் எஞ்சின. பெயர் மட்டும் பழையபடியே தங்கிவிட்டது.

தமிழில் ‘மூவண்ணச் சாயம்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது கொடியை நினைவூட்டுகிறது என்பது ஒருபுறமிருக்க, முந்நூறு, முந்நீர் என்பவற்றின் வழியில் ‘முந்நிறச் சாயம்’ என்பதே எனக்கு உகந்ததாகப் படுகிறது. அயோடின் இட்டுப் பார்க்கும் ஈரப்பூச்சு சிறிது நேரத்தில் உலர்ந்துவிடும். இதுவோ ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து மறுபடி பார்க்கத்தக்கது என்பதால் ‘நிலை’ என்ற அடையைச் சேர்த்து ‘முந்நிற நிலைச்சாயம்’ என்று முழுமையாகச் சொல்லலாம்.

அமீபாவின் ‘ட்ரோஃபோசோயிட்’ என்ற சொல்லிலும் ‘ஊட்டம்’ என்ற பொருள் கிடக்கிறது. அதாவது உண்டு திரியும் நிலை. இதை ‘ஊண்நிலை’ எனலாம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சீதபேதி மலத்தில் ஏராளமாக வரும் வெள்ளையணுக்களில் ஒன்றான மேக்ரோஃபேஜும் பெயரிலேயே பெருந்தின்னி. அதுவும் சிவப்பணுவை விழுங்கும், அதுவும் உருவம் மாறும். ஆகவே விழுங்கிய சிவப்பணு தெரிகிறது என்பதை மட்டும் வைத்து அமீபா என்று எழுதக் கூடாது.

அஞ்செட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு மாதிரியைப் பார்த்ததை இங்கே சொல்கிறேன். இரத்தமும் சளியும் கலந்த மலம். ஈரப்பூச்சில் பெரிய உயிரணுக்கள் தெரிய, “அமீபா நிறைய” என்று குறிப்பு எழுதப்பட்டிருந்தது. நல்லவேளையாகச் சளிப்பகுதியில் கொஞ்சம் உடனே, உயிரணு சிதையாமல் காக்கும் நிலைப்படுத்திக் கரைசலில் இடப்பட்டிருந்தது. பூச்சை முந்நிறச் சாயத்தில் 10 நிமிடம் வைத்து, அசெட்டிக் அமிலம் கலந்த 90 விழுக்காடு ஆல்கஹாலில் ஓரிரு நொடி மட்டும் முக்கி எடுத்து, உடனே தூய ஆல்கஹாலில் கழுவி, சைலீனில் தெளிவித்து, எண்ணெய் வில்லையில் பார்த்தோம். பின்னணி பச்சை; உயிரணுக்களின் உடல் நீலப்பச்சை; உட்கருப் பொருள் செவ்வூதா.

ஓர் உயிரணு ஏறத்தாழ 30 மைக்ரோமீட்டர். அதன் உட்கரு மட்டுமே 12 மைக்ரோமீட்டர், விளிம்பு கோணல், உள்ளே மையப்புள்ளி எதுவும் இல்லாமல் திட்டுத்திட்டாக நிறம். உடலுக்குள் சிவப்பணுவும் சிதைந்த துணுக்குகளும் கிடந்தன. சீதபேதி உண்டாக்கும் அமீபாவான எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகாவின் உட்கரு உடலோடு ஒப்பிடச் சிறியது; உட்கருவின் நடுவில் நுண்ணிய புள்ளி, ஓரத்தில் சீரான மெல்லிய மணிகளின் வளையம், இரண்டுக்கும் இடையில் வெற்றிடம். அந்த வளையத்தைத் தேடி நுண்ணோக்கியில் ஒவ்வொரு பார்வைப் புலமாக நகர்ந்து ஏறத்தாழ முந்நூறு புலங்களைக் கடந்தும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சுற்றிலும் இருந்தவை மூன்று, நான்கு மடல்களாகப் பிரிந்த உட்கருவுடைய சீழணுக்கள். சில சிதைவுற்று, மடல்களை இணைக்கும் இழை அறுந்து, நான்கு உட்கரு கொண்ட அமீபாக் கூடு போலவே தோன்றின. அங்கும் மையப்புள்ளியும் ஓர வளையமும் இல்லாததே அடையாளம். ஆகவே “அமீபா காணப்படவில்லை, சீழணுக்களும் மேக்ரோஃபேஜ்களும் மிகுதி” என்று திருத்தி, பாக்டீரியா வளர்ப்புக்கு அனுப்பினோம். சீழணு இத்தனை மிகுதியாக இருப்பது ஷிகெல்லா போன்ற பாக்டீரியாக்களின் சீதபேதியோடுதான் பொருந்தும். அமீபாச் சீதபேதியில் சீழணு பெரும்பாலும் குறைவு, ஏனெனில் அமீபா அவற்றையும் அழித்துவிடுகிறது.

சாயமும் பொய் சொல்வது உண்டு. அமில ஆல்கஹாலில் சற்றுக் கூடுதல் நேரம் நின்றால் ஓர மணிகளின் நிறம் வெளுத்து, நல்ல அமீபாவும் அடையாளம் இழக்கும். நீர்த்த மலம் அரை மணி நேரத்துக்குமேல் நிலைப்படுத்தாமல் கிடந்தால் ஊண்நிலை சிதைந்து உட்கரு கலங்கும். அப்படிப்பட்ட சிலைடில் எதையும் உறுதி கூறாமல் மறுமாதிரி கேட்பதே முறை. உட்கரு மிகத் தெளிவாக இருந்தும் சிவப்பணு விழுங்கப்படாதிருந்தால், ‘எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா அல்லது டிஸ்பார்’ என்றுதான் எழுத முடியும். நோய் செய்யாத டிஸ்பார் இந்தச் சாயத்தில் அச்சாக அப்படியேதான் இருக்கும்.