குளியலறைச் சுவரில் டைல்ஸ் எந்த உயரம் வரை?

வீடு கட்டும்போது செலவு கையை மீறத் தொடங்கினால், முதலில் கத்தரி விழுவது குளியலறையில்தான். "நாலடி வரைக்கும் டைல்ஸ் போதும் தம்பி, மேலே யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று ஓர் அம்மா கேட்டார். யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் தண்ணீர் நாலடியோடு நிற்காது.

ஐந்துக்கு எட்டடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூரை பத்தடி உயரம், கதவு இரண்டரைக்கு ஏழடி. நான்கு சுவரின் சுற்றளவு 26 அடி. கதவைக் கழித்தால் நாலடி உயரத்துக்கு 94 சதுர அடி, ஏழடிக்கு 165, கூரை வரை போனால் 243. டைல்ஸ், ஒட்டும் பசை, கூலி சேர்த்துச் சதுர அடிக்கு 100 ரூபாய் என்றும், டைல்ஸ் இல்லாத இடத்துக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்க 25 ரூபாய் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டுக் கணக்கை மாற்றிக்கொள்ளலாம். மிச்சமாகும் பெயின்ட் செலவைக் கழித்துப் பார்த்தால், நாலடியை ஏழடியாக்கச் சுமார் 5,300 ரூபாய் கூடுகிறது. ஏழடியிலிருந்து கூரை வரை போக இன்னும் 5,850. இரண்டும் ஏறக்குறைய ஒரே தொகைதான். ஆனால் முதல் தொகை உழைக்கிறது; இரண்டாவது பெரும்பாலும் அழகுக்குப் போகிறது.

காரணம், நாம் குளிக்கும் விதம். நின்றுகொண்டு குவளையால் தலையில் ஊற்றினால் சிதறல் ஐந்தாறு அடி வரை ஏறும். ஷவர் குழாயைச் சுமார் ஆறரை முதல் ஏழடியில் வைக்கிறோம். ஆக, நாலடிக்கும் ஏழடிக்கும் இடைப்பட்ட சுவர் தினமும் நனைகிறது. அங்கே பெயின்ட் இருந்தால் முதலில் சிறு கொப்புளம் எழும்பும், பிறகு பொருக்கு உரியும், பட்டி மாவாக உதிரும். அந்த அம்மா வீட்டில் இரண்டு மழைக்காலம் முடிவதற்குள் ஷவருக்குப் பின்னால் இதுதான் நடந்தது. மேலே மூன்றடி சேர்க்கலாம் என்று கடைக்குப் போனால் அதே டைல்ஸ் வரத்து நின்றுவிட்டது. அதே பெயரில் வந்த இன்னொரு சரக்கில் நிறம் ஒரு சாயல் தள்ளியிருந்தது. பட்டியைச் சுரண்டி, பூச்சைக் கொத்தி, வேறு நிறத்தில் ஒட்டினார்கள். முதலில் மிச்சம் பிடித்ததைவிட அதிகம் செலவானது.

அரைச் சுவர் டைல்ஸில் யாரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: அதன் மேல் விளிம்பு. டைல்ஸின் கனமும் அடியில் உள்ள பசையின் கனமும் சேர்ந்து, மேலே உள்ள பூச்சைவிட அரை அங்குலம் போல வெளியே துருத்தி நிற்கும். அந்த மெல்லிய திட்டில் தூசியும் சோப்பு நுரையும் படிந்து கறுத்துப்போகும். தேங்கும் நீர் டைல்ஸின் முதுகுப் பக்கம் இறங்கும். எத்தனை அடியில் நிறுத்தினாலும், அந்தக் கோட்டுக்குக் கீழே பூச்சை உள்வாங்கிப் பூசச் சொல்லுங்கள். டைல்ஸ் மேல்பூச்சுக்குச் சமமாக உட்கார்ந்துவிடும். அது முடியாவிட்டால் விளிம்பைச் சரிவாக மூடி எபாக்ஸி கிரௌட் போடலாம்.

சுத்தம் செய்வதைப் பொறுத்தவரை, டைல்ஸ் அதிகமானால் வேலையும் அதிகம் என்று பயப்பட வேண்டாம். ஏழடிக்கு மேலே படிவது ஒட்டடையும் தூசியும்தான். தேய்க்கும் வேலை முழுவதும் ஆறடிக்குள், அதுவும் இணைப்புகளில் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் உள்ள வீடுகளில் வெள்ளைக் கறை படிந்ததும் பலர் ஆசிட் ஊற்றுகிறார்கள். அது கறையோடு சிமென்ட் இணைப்பையும் அரித்துவிடும். பெரிய டைல்ஸ் போட்டால் இணைப்பு குறையும். பளபளக்கும் கறுப்பு நிறத்தில் ஒவ்வொரு உப்புத் துளியும் தெரியும். கடையில் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள்.

டைல்ஸ் கூரை வரை போனால் ஓதம் வராது என்று நம்புவதும் தவறு. இணைப்பு வழியாக நீர் உள்ளே போகத்தான் செய்யும். படுக்கையறைப் பக்கச் சுவர் ஊறாமல் காப்பது டைல்ஸுக்குப் பின்னால் பூசும் நீர்த்தடுப்புப் பூச்சு. ஷவர் சுவரில் அதை ஏழடி வரை ஏற்றுங்கள்.

கூரை வரை டைல்ஸ் போடுவது எங்கே நியாயம்? கீசர் வெந்நீரில் குளிக்கும் வீடு, சிறிய ஜன்னல், எக்சாஸ்ட் விசிறி இல்லை என்றால் நீராவி மேலே போய்க் குளிர்ந்து கரும்புள்ளிப் பூஞ்சையாகும். அப்போதும் முதலில் விசிறி வையுங்கள். கூரையில் டைல்ஸ் ஒட்ட முடியாதே. வெறும் கழிப்பறை என்றால் நாலடியே தாராளம்.

முடிவெடுக்கச் சந்தேகமாக இருந்தால், இப்போது குடியிருக்கும் வீட்டில் எல்லோரும் குளித்து முடித்ததும் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். துளிகள் எதுவரை நிற்கின்றனவோ அதற்கு மேல் ஒரு வரிசை சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு ஏழடிக்குப் பக்கத்தில் வந்தால் கதவு நிலையின் தலைமட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். கொத்தனார் தரையிலிருந்து அல்ல, நிலைமட்டத்திலிருந்து கீழ்நோக்கி வரிசைகளைக் குறிக்கட்டும். வெட்டுத்துண்டு அடி வரிசைக்குப் போய்விடும், கண்ணில் படாது. மிஞ்சிய டைல்ஸ் பெட்டியைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்காமல் பரணில் போட்டுவையுங்கள்.