ஏழு நாள் கடனும் ஒரு போன் காலும்

அன்று வந்தவர் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். பேசிக்கொண்டிருந்த முக்கால் மணி நேரமும் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. மொத்தம் எவ்வளவு கடன் என்று மூன்று முறை கேட்டேன், மூன்று வேறு தொகைகள் சொன்னார். பொய் சொல்லவில்லை. ஆன்லைன் பந்தயத்தில் விட்டுவிட்டுக் கடன் ஆலோசனைக்கு வருகிற பலருக்கு அந்தக் கணக்கு உண்மையிலேயே தெரியாது.

அவருக்கு ஒரு வங்கித் தனிநபர் கடன், ஒரு கிரெடிட் கார்டு, அப்புறம் மூன்று உடனடிக் கடன் செயலிகள். வங்கிக் கடன்தான் பெரிய தொகை என்பதால் அதை நினைத்துத்தான் அவருக்குத் தூக்கம் போயிருந்தது. எனக்குப் பயம் செயலிகளைப் பார்த்துத்தான்.

ஒரு செயலியைத் திறந்து கணக்குப் போட்டோம். கடன் 10,000 என்று காட்டியது. ‘செயலாக்கக் கட்டணம்’ போகக் கைக்கு வந்தது 6,500. ஏழாம் நாள் முழு 10,000 கட்ட வேண்டும். அதாவது 6,500-க்கு ஒரு வாரத்துக்கு 3,500, ஏறக்குறைய 54 சதவீதம். வருட வட்டி அல்ல, ஒரு வார வட்டி! கட்ட முடியாதபோது ‘கெடு நீட்டிப்பு’ என்று ஒரு பொத்தான் வந்திருக்கிறது. 3,000 கட்டினால் இன்னும் ஏழு நாள். நான்கு முறை அழுத்தியிருந்தார். 12,000 போய்விட்டது, அசல் 10,000 அப்படியே நின்றது. அந்த நீட்டிப்புப் பணத்தைப் புரட்டத்தான் இரண்டாவது செயலி, மூன்றாவது செயலி எல்லாம்.

இந்த ஏழு நாள் கெடுவே ஒரு அடையாளம். முழுத் தொகையையும் 60 நாளுக்குள் திருப்பக் கேட்கும் தனிநபர் கடன் செயலிகளை கூகுள் பிளே அனுமதிப்பதில்லை. கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்றும் 2023-இல் விதி கொண்டுவந்தது. விதியை ஏமாற்றி நுழைபவையும் உண்டு. இருந்தாலும் குறுஞ்செய்தியில் வந்த சுட்டியை அழுத்தி நிறுவச் சொல்லி, முதல் திரையிலேயே தொடர்பு எண்களைக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த எண்கள்தான் அவர்களுக்கு அடமானம்.

கோபத்தில் செயலியை நீக்கிவிட வேண்டாம். எடுத்துக்கொண்ட எண்கள் அதனால் திரும்பி வராது, உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்தான் போகும். முதலில் ஒப்பந்தம், கைக்கு வந்த தொகை, கட்டிய ரசீதுகள், மிரட்டல் செய்திகள் எல்லாவற்றையும் திரைப்பிடிப்பு எடுத்து வேறிடத்தில் சேமியுங்கள். பிறகு அனுமதிகளை ரத்து செய்துவிட்டு நீக்கலாம். நீட்டிப்புக் கட்டணம் இனி ஒன்றுகூட வேண்டாம். மிரட்டல் இருந்தால் இந்த ஆதாரத்தோடு காவல்துறையின் சைபர் பிரிவில் புகார் கொடுங்கள். அதற்கும் முன்னால், வீட்டில் சொல்லிவிடுங்கள். ‘உன் அண்ணனுக்கு போன் பண்ணுவோம்’ என்பது அண்ணனுக்குத் தெரியாதவரை மட்டும்தான் மிரட்டல். இவர் அன்று மாலையே அண்ணனிடம் சொல்லிவிட்டார். திட்டு விழுந்ததாம், அவ்வளவுதான். மிரட்டலில் மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், கடன் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு அப்போதே நெருங்கிய ஒருவரையோ மருத்துவரையோ கூப்பிடுங்கள்.

அடுத்து வங்கி. தவணை தவறுவதற்கு முன்பே பேசினால் கேட்பதற்கு நிறைய வழி இருக்கிறது. தவறிய பிறகு பேசுவது வசூல் பிரிவோடு. பேசும் முன் தாளில் ஒரு கணக்கு எழுத வைத்தேன்: வருமானத்திலிருந்து வீடு, சாப்பாடு, மின்சாரம், பிள்ளைகளின் படிப்பு, மருந்து கழித்து மிச்சம் எவ்வளவு? அந்த மிச்சத்துக்குள்தான் எல்லாத் தவணையும் அடங்க வேண்டும். கேட்டது இரண்டே விஷயம்: கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க முடியுமா, அபராத வட்டியை நிறுத்தி வைக்க முடியுமா.

பந்தயம் பற்றி வங்கியில் சொல்ல வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்கினால் அது எப்படியும் தெரிந்துவிடும், அதனால் மருத்துவச் செலவு என்று கதை கட்டாதீர்கள் என்பேன். “பந்தயத்தில் நஷ்டமாகிவிட்டது, நிறுத்திவிட்டேன்” என்றால் போதும். நிறுத்தியது உண்மையாகவும் இருக்க வேண்டும். இவர் பந்தயக் கணக்குகளை நிரந்தரமாக மூடினார், சம்பளக் கணக்கை மனைவியின் பார்வைக்குக் கொண்டுவந்தார். ‘ஒரே ஒரு ஆட்டத்தில் ஜெயித்தால் எல்லாம் அடைந்துவிடும்’ என்று உள்ளே ஒரு குரல் இருக்கும்வரை, குறைத்து வாங்கிய தவணை பந்தயத்துக்குத்தான் போகும்.

வங்கிக்கு போன் போட்டோம். அங்கிருந்து பேசியவர் முதலில் கூடுதலான ஒரு தவணைத் தொகையைச் சொன்னார். இவர் ‘சரி’ என்று சொல்லப் போனார். கணக்கு எழுதிய தாளை இவர் பக்கம் நகர்த்தினேன். அதிலிருந்த எண்ணை வாசித்தார். இரண்டு நாள் கழித்து, அந்த எண்ணுக்குள் அடங்கும் தவணைக்குச் சம்மதித்து வங்கியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அது வந்த பிறகுதான் முதல் தவணையைக் கட்டச் சொன்னேன்.